வட்டி ஏறியது, சித்தப்பாவின் பத்திரம் இறங்கியது

2022 ஜூலை 18, திங்கட்கிழமை காலை. கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். குரலில் கோபமா குழப்பமா என்று பிரிக்க முடியாத ஒன்று இருந்தது.

"ஏம்ப்பா, வட்டிப் பணம் 3,270 ரூபாய் சரியா வந்துடுச்சு. அதுல ஒண்ணும் குறை இல்லை. ஆனா சைட்ல போய்ப் பார்த்தா என் ஒரு லட்சம் தொண்ணூத்திநாலாயிரம்னு காட்டுது. கவர்மென்ட் பத்திரம்னு சொல்லித்தானே வாங்கச் சொன்னே?"

சொன்னேன்தான். அந்த வருடம் ஜனவரியில் பெரிய வங்கிகளில் நீண்ட கால எஃப்.டி. வட்டி ஐந்தரை சதவீதத்தைத் தொடவே தடுமாறிக்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் ரீட்டெய்ல் டைரக்ட் என்ற இணையதளத்தைத் திறந்து, பத்தாயிரம் ரூபாய் வைத்திருப்பவரும் மத்திய அரசின் கடன் பத்திரத்தை நேரடியாக வாங்கலாம் என்று செய்திருந்தது. சித்தப்பா அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆழம் பார்க்க ஒரு லட்சம் போடுகிறேன் என்றார். 2022 ஜனவரி 14 வெள்ளிக்கிழமை ஏலம். அந்த ஆண்டு பொங்கலும் அதே நாள்தான். பத்து வருடப் பத்திரம், 6.54 சதவீதம் என்று ஏலத்தில் முடிவானது. திரையில் அதன் பெயர் `6.54% GS 2032`. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: வருட வட்டி 6.54, முதல் திரும்பி வருவது 2032-இல், ஜனவரி 17 அன்று. ஒவ்வொரு ஜனவரி 17-க்கும் ஜூலை 17-க்கும் நூறு ரூபாய்க்கு 3.27 வீதம் வட்டி. அந்த முதல் ஜூலை 17 ஞாயிற்றுக்கிழமையாகப் போனதால் பணம் திங்களன்று வந்திருந்தது.

அவருடைய அடுத்த கேள்விதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. "ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ வட்டியை ஏத்திட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கான். வட்டி ஏறினா கடன் கொடுத்தவனுக்கு லாபம்தானே? நான்தானே இங்க கடன் கொடுத்தவன்?"

வங்கியின் பணத்தைப் பத்திரங்களில் போட்டு எடுக்கும் டிரெஷரிப் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த என்னிடம் இதை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. கேள்வியில் தப்பே இல்லை. வட்டி ஏறினால் கடன் கொடுக்கப் போகிறவனுக்கு லாபம். ஏற்கெனவே கொடுத்து முடித்தவனுக்கு அல்ல. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் பத்திர விலை.

போனில் விலை, ஈல்டு என்று ஆரம்பித்தால் சித்தப்பா கேட்க மாட்டார். அதனால் தாத்தா காலத்துப் புரோநோட்டை எடுத்தேன். எங்கள் வீட்டில் வட்டியைச் சதவீதத்தில் பேசியதே கிடையாது. ஒரு வட்டி, ஒன்றரை வட்டி, ரெண்டு வட்டி என்றுதான் பேச்சு. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, அதாவது வருடத்துக்கு 12 சதவீதம்.

தாத்தா ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாயை ஒரு வட்டிக்குக் கொடுத்துப் புரோநோட்டு எழுதி வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் கழித்து வட்டியும் முதலும் சேர்ந்து 11,200 வரும். நோட்டு எழுதிய மறுவாரமே தாத்தாவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது. நோட்டை இன்னொருவர் பேருக்கு மேட் ஓவர் செய்துவிட்டுப் பணம் வாங்கப் போகிறார். ஆனால் அதற்குள் ஊரில் பணத்தட்டுப்பாடு வந்து, வட்டி ஒன்றரை ஆகிவிட்டது. இப்போது இந்த நோட்டை வாங்குகிறவர் என்ன தருவார்?

பத்தாயிரம் தர மாட்டார். அதே பத்தாயிரத்தைத் தெருமுனையில் வேறு ஒருவருக்குக் கொடுத்தால் அவருக்கு 11,800 வரும். இந்த நோட்டிலோ 11,200-தான் எழுதியிருக்கிறது, அதைத் திருத்த முடியாது. நோட்டில் உள்ள எண் மாறாது என்றால், மாறக்கூடியது ஒன்றுதான்: அவர் இன்று கொடுக்கும் விலை. எந்தத் தொகையை ஒன்றரை வட்டிக்கு விட்டால் வருடக் கடைசியில் 11,200 ஆகுமோ, அந்தத் தொகையைத்தான் கொடுப்பார். 11,200-ஐ 1.18-ஆல் வகுத்தால் 9,491 சொச்சம். தாத்தாவுக்கு 508 ரூபாய் குறைச்சல்.

"இது சரி," என்றார் சித்தப்பா. "ஊர் வட்டி வரணும்னா விலையைக் குறைச்சுத்தான் ஆகணும்."

அதே நோட்டு மூன்று வருடத்துக்கானது, வருடா வருடம் 1,200 வட்டி, கடைசியில் பத்தாயிரம் முதல் என்றால்? வாங்குகிறவர் மூன்று வருடம் குறைந்த வட்டியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வருடத்துக்கும் 600 ரூபாய் குறைவு. அந்தக் குறைவையெல்லாம் இன்றைய விலையிலேயே கழித்துக்கொள்வார். கணக்குப் போட்டால் 8,695 வரும். வட்டி ஏறியது அதே அரை வட்டிதான், ஆனால் விலை 508-க்குப் பதில் 1,305 இறங்கியிருக்கிறது. கெடு நீள நீள அடி பலமாக விழும்.

புரோநோட்டுக்கு இருப்பதெல்லாம் பத்திரத்துக்கும் இருக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு, பத்திரத்தை மேட் ஓவர் செய்ய ஆள் தேட வேண்டாம், தினமும் சந்தை நடக்கிறது. அதனால் அதன் விலை தினமும் தெரிந்துவிடுகிறது. சித்தப்பாவைப் பதற வைத்தது அந்தத் தெரிதல்தான்.

இனி அவருடைய பத்திரத்துக்கு வருவோம். அவர் போன் செய்த நாளில் பத்து வருட அரசுப் பத்திரத்தைப் புதிதாக வாங்குகிறவர்கள் ஏறக்குறைய 7.4 சதவீதம் எதிர்பார்த்தார்கள். சித்தப்பாவின் பத்திரம் தருவது 6.54. மீதி ஆயுள் ஒன்பதரை வருடம், அதாவது பத்தொன்பது அரையாண்டு. வாங்குகிறவர் கைக்கு வரப்போவது பத்தொன்பது முறை 3.27, கடைசித் தவணையோடு சேர்த்து 100. ஒவ்வொன்றையும் அரையாண்டுக்கு 3.7 சதவீதம் என்ற கணக்கில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். முதல் 3.27-ஐ ஒரு முறை 1.037-ஆல் வகுக்க வேண்டும், இரண்டாவதை இரண்டு முறை, கடைசியில் வரும் நூறை பத்தொன்பது முறை. அப்படி வகுத்தால் அந்த நூறு ரூபாய் இன்றைக்கு 50 ரூபாய் 14 காசுதான். பத்தொன்பது வட்டித் தவணைகளும் சேர்ந்து 44 ரூபாய் 6 காசு. காசுக்குக் கீழே உள்ள சொச்சத்தையும் சேர்த்துக் கூட்டினால் 94.21. சித்தப்பா திரையில் பார்த்த தொண்ணூற்று நாலாயிரம் இதுதான்.

கையில் லேப்டாப் இருந்தால் எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் ஒரு வரியில் சரிபார்க்கலாம்:

```
=PRICE(DATE(2022,7,18),DATE(2032,1,17),6.54%,7.4%,100,2,0)
```

இதில் 7.4 என்பதை 6.54 ஆக்கிப் பாருங்கள், நூறு வரும். 6 ஆக்கினால் நூற்றுக்கு மேல் போகும். ஐந்து நிமிடம் அந்த ஒரு எண்ணை மட்டும் ஏற்றி இறக்கி விளையாடினால், நான் இங்கே எழுதும் பாதி புரிந்துவிடும்.

அந்த எண்ணுக்குப் பெயர்தான் ஈல்டு. இந்தச் சொல்லைச் சுற்றித்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஆளாளுக்கு மூன்று வேறு எண்களை இந்தப் பேரில் சொல்கிறார்கள்.

முதலாவது, பத்திரத்தின் நெற்றியில் எழுதியிருக்கும் 6.54. இது கூப்பன். இது ஈல்டே அல்ல. ஏலம் நடந்த அன்று இரண்டும் ஒன்றாக இருந்தன, ஏனென்றால் அரசு புதுப் பத்திரம் வெளியிடும்போது ஏலத்தில் விழும் ஈல்டையே கூப்பனாக வைத்துவிடுகிறது. அதற்கு அடுத்த நிமிடத்திலிருந்து கூப்பன் கல்வெட்டு. ஈல்டு நடமாடத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, 6.54-ஐ இன்றைய விலையான 94.21-ஆல் வகுத்தால் வருவது: 6.94 சதவீதம். நடப்பு ஈல்டு என்பார்கள். வீட்டு வாடகையை வீட்டு விலையால் வகுப்பது போல. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிக் கதைதான். 94.21 கொடுத்து வாங்கியவருக்கு 2032-இல் நூறு ரூபாய் கிடைக்கிறதே, அந்த 5.79 இதில் எங்கே?

அதையும் சேர்த்துப் பார்ப்பது மூன்றாவது எண். முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஈல்டு. சந்தையில் யாராவது வெறுமனே ஈல்டு என்றால் இதைத்தான் சொல்கிறார்கள். இதை நேரடியாகக் கணக்கிட எளிய வழி கிடையாது. எந்த வட்டி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் வரப்போகும் பணம் முழுவதும் இன்றைய விலைக்குச் சமமாகுமோ, அந்த வீதத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணினி இல்லாத காலத்தில் பெரியவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். அதைக் கணக்குப் பிரிவு ஆளான சித்தப்பாவுக்குச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். 5.79 லாபத்தை ஒன்பதரை வருடத்துக்குப் பங்கிட்டால் வருடத்துக்கு 61 காசு. கூப்பன் 6.54-உடன் சேர்த்தால் 7.15. இதை வாங்கிய விலைக்கும் திரும்பி வரும் நூறுக்கும் நடுவே உள்ள 97.1-ஆல் வகுத்தால் 7.36. உண்மையான விடை 7.4. பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கினால் போதாதா?

வட்டி ஏறினால் விலை "அதனால்" இறங்குகிறது என்று நாம் சொல்வது கொஞ்சம் தவறாக வழிநடத்தும் பேச்சு. முதலில் ஈல்டு ஏறி, பிறகு விலைக்குச் செய்தி போய், அது இறங்குவதில்லை. வரப்போகும் பணம் நிலையாக எழுதப்பட்டிருக்கும்போது, குறைந்த விலைக்கு வாங்குவதும் அதிக ஈல்டுக்கு வாங்குவதும் ஒரே செயல். பத்திரச் சந்தையின் திரையில் விலையும் ஈல்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும். ஒன்றைத் தட்டினால் இன்னொன்று தானாக மாறும்.

அதை நான் மறக்க முடியாத அளவுக்குப் பார்த்த நாள் 2022 மே 4. அன்று எல்.ஐ.சி. பங்கு வெளியீடு திறந்த நாள், எல்லோருடைய கவனமும் அங்கே. ரிசர்வ் வங்கிக் கொள்கைக் கூட்டம் அந்த வாரம் அட்டவணையிலேயே இல்லை. ஆளுநர் சக்திகாந்த தாஸ் இரண்டு மணிக்குப் பேசுவார் என்று திடீரென்று தகவல் வந்தது. பேசினார். ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 4.40. சாப்பாட்டு டப்பாவை மூடக்கூட நேரமில்லை. பத்து வருட ஈல்டு 7.12 வாக்கில் இருந்தது, நாள் முடிவில் 7.38. நம்ம 6.54 பத்திரம் சுமார் 96 ரூபாயிலிருந்து 94 ரூபாய் சில்லறைக்கு வந்தது. ஒன்றே முக்கால் ரூபாய் என்றால் சின்னதாகத் தெரியும். அங்கே ஒரு லாட் ஐந்து கோடி. ஒரு லாட்டுக்கு எட்டரை லட்சத்துக்கு மேல் ஒரே மதியத்தில் போனது. என் பக்கத்து நாற்காலிக்காரர் திரையைப் பார்த்தபடி தயிர்சாதத்தைக் கையில் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவே இல்லை.

ஆனால் ரெப்போ ஏறினால்தான் ஈல்டு ஏறும் என்று அந்த நாளை வைத்து முடிவுகட்டினால் தப்பாகிவிடும். 2022 பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட்டில் அடுத்த ஆண்டு மொத்தக் கடன் 14.95 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ரெப்போவில் யாரும் கை வைக்கவில்லை, ஆனாலும் ஈல்டு அன்றே குதித்தது. இவ்வளவு பத்திரம் சந்தைக்கு வரப்போகிறது, யார் வாங்குவார்கள், கூடுதல் வட்டி கொடுத்தால்தான் ஆள் வருவார்கள் என்ற கணக்கு. மறுபக்கமும் உண்டு. சித்தப்பா போன் செய்தபோது ரெப்போ 4.90. அதற்குப் பிறகு படிப்படியாக ஏற்றி 2023 பிப்ரவரியில் 6.50-க்குக் கொண்டுபோனார்கள். ஒன்று புள்ளி ஆறு சதவீதம் கூடுதல். அப்போதும் பத்து வருட ஈல்டு 7.4-க்குப் பக்கத்தில்தான் நின்றது. ரெப்போ என்பது வங்கிகளுக்கான ஓரிரவுக் கடனின் வட்டி. பத்து வருடப் பத்திரம் வாங்குகிறவர் பத்து வருடத்துக்கு வட்டி எங்கே போகும் என்று யோசித்து விலை சொல்கிறார். ஏறப்போகிறது என்பது முன்கூட்டியே விலையில் ஏறி உட்கார்ந்துவிட்டால், நிஜமாகவே ஏறும்போது விலை அசைவதில்லை. செய்தித்தாளில் ரெப்போவை மட்டும் பார்த்துப் பத்திரத்தை வாங்கி விற்கிறவர்கள் தோற்பது இங்கேதான்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். அவருக்கு ஒரே கேள்வி. "இப்ப வித்துட்டு, ஏழு புள்ளி நாலு தர்ற புதுசை வாங்கிடவா? இல்லே அப்படியே வெச்சிருக்கவா?"

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ஒரு பதில் சொல்வார்கள்: விற்றால்தான் நஷ்டம், வைத்திருந்தால் நஷ்டமே இல்லை. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. அதில் பாதி ஆறுதல், பாதி பொய். எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

அவர் வைத்திருந்தால், ஒவ்வொரு அரையாண்டும் 3,270. கடைசியில் ஒரு லட்சம்.

விற்றால் கையில் 94,210. அதை 7.4 சதவீதப் புதுப் பத்திரத்தில் போட்டால் அரையாண்டுக்கு 3,486. அதாவது 216 ரூபாய் கூடுதல். ஆனால் ஒன்பதரை வருடம் கழித்துத் திரும்புவது 94,210-தான், ஒரு லட்சம் அல்ல. 5,790 குறைச்சல். இப்போது அந்தக் கூடுதல் 216 ரூபாயைத் தொடாமல் அதே 7.4 சதவீதத்தில் சேர்த்துக்கொண்டே போனால், பத்தொன்பது தவணைக்குப் பிறகு எவ்வளவு ஆகும்? 5,800 ரூபாய். கணக்கில் காசை முழு ரூபாயாக்கிவிட்டதால் வரும் சில்லறை வித்தியாசம் போக, இரண்டும் ஒன்றுதான்.

விற்றாலும் வைத்திருந்தாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார். சந்தை விலை என்பதே இந்த இரண்டையும் சமமாக்கும் விலை. அதனால் விற்பதால் நஷ்டம் உண்டாவதும் இல்லை, வைத்திருப்பதால் நஷ்டம் மறைவதும் இல்லை. நஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது ஈல்டு ஏறிய நாளிலேயே நடந்து முடிந்துவிட்டது: ஆறு மாதம் பொறுத்திருந்தால் 7.4-க்கு வாங்கியிருக்கலாம், 6.54-க்கு வாங்கிவிட்டார். அந்தக் குறையை ஒரே அடியாக இன்று 5,790 என்றும் பார்க்கலாம், ஒன்பதரை வருடத்துக்குச் சிறுகச் சிறுகவும் பார்க்கலாம். (இதில் வரியும் விற்கும் செலவும் சேரவில்லை. ஒரு லட்சம் போன்ற சின்னத் தொகைக்கு வாங்க ஆள் கிடைப்பதும் கஷ்டம், திரையில் தெரியும் விலையைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள். அதையெல்லாம் சேர்த்தால் சித்தப்பா விற்காமல் இருப்பதே மேல். அதைத்தான் சொன்னேன்.)

"அப்போ எஃப்.டி.யே போட்டிருக்கலாமே, அது இறங்காதே," என்றார்.

எஃப்.டி.யும் இறங்கியதுதான். ஐந்தரைக்குப் போட்டு வைத்த பிறகு புது எஃப்.டி. ஆறரை தந்தால், பழையதன் மதிப்பும் அதே கணக்கில் குறைந்திருக்கிறது. ஆனால் எஃப்.டி.யை யாரும் சந்தையில் விலை பேசுவதில்லை, பாஸ்புக்கில் போட்ட தொகை அப்படியே இருக்கிறது. பார்க்காததால் வலிக்கவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் எஃப்.டி. நிஜமாகவே மேல்: நடுவில் உடைத்தால் அபராதமாகக் கொஞ்சம் வட்டி போகும், முதல் முழுதாக வரும். வட்டி நிறைய ஏறிவிட்டால் உடைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பத்திரத்தில் அந்த வசதி இல்லை. உடைக்க முடியாது, விற்கத்தான் முடியும், அதுவும் அன்றைய விலைக்கு.

அப்படியானால் விலை இறங்குவது யாரைத்தான் நிஜமாகக் கொல்லும்? முதிர்வுக்கு முன்பே விற்றே ஆக வேண்டிய நிலையில் இருப்பவரை. அதற்கு 2023 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. சிலிக்கான் வேலி வங்கி, வட்டி தரையோடு கிடந்த காலத்தில் குவிந்த டெபாசிட்டைக் கொண்டுபோய் நீண்ட காலப் பத்திரங்களில் போட்டது. திருப்பித் தருவதில் சந்தேகமே இல்லாத, அமெரிக்க அரசும் அரசு ஆதரவு பெற்ற அமைப்புகளும் நிற்கும் பத்திரங்கள் அவை. பெடரல் ரிசர்வ் 2022 முழுக்க வட்டியை ஏற்றியதும் அவற்றின் விலை இறங்கியது. வைத்திருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும். ஆனால் டெபாசிட் போட்டவர்கள் பணத்தை எடுக்க ஆரம்பித்தார்கள். வங்கி 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று, அதில் 180 கோடி டாலர் நஷ்டம் என்று மார்ச் 8 அன்று அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வரிசை கட்டினார்கள். மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. பத்திரத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. 2030-இல் தேவைப்பட வேண்டிய பணம் 2023-இல் தேவைப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இதனால்தான் நான் யாரிடமும் முதலில் கேட்பது, எந்தப் பத்திரம் என்பதை அல்ல, பணம் எப்போது வேண்டும் என்பதை. எவ்வளவு அடி விழும் என்பதை முன்கூட்டியே அளக்கச் சந்தையில் ஒரு அளவுகோல் உண்டு, டியூரேஷன் என்பார்கள். சித்தப்பாவின் பத்திரத்துக்கு அது சுமார் 7. ஈல்டு ஒரு சதவீதம் ஏறினால் விலை ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும் என்று அர்த்தம். 6.54-இலிருந்து 7.4 என்றால் 0.86 ஏற்றம், ஏழால் பெருக்கினால் 6 வரும். உண்மையில் இறங்கியது 5.79. சின்ன மாற்றங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும், பெரிய மாற்றங்களுக்குக் கொஞ்சம் விலகும். இன்னொன்று, காலம் போகப் போக அந்த ஏழு தானாகக் குறைந்துகொண்டே வரும். 2031-இல் அதே பத்திரம் ஒரு வருட நோட்டு மாதிரிதான், வட்டி ஒரு சதவீதம் ஏறினாலும் ஒரு ரூபாய் கூட இறங்காது. அரசுப் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டான கில்ட் ஃபண்டில் போட்டவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஃபண்டுக்கு முதிர்வு நாள் என்று ஒன்று கிடையாது. மேலாளர் பழையதை விற்றுப் புதிதாக நீண்ட பத்திரம் வாங்கிக்கொண்டே இருப்பார், டியூரேஷன் ஏறக்குறைய அப்படியே நிற்கும். "வெச்சிருந்தா சரியாயிடும்" என்ற பேச்சு அங்கே இவ்வளவு திட்டமாகப் பொருந்தாது.

ஈல்டைப் பற்றி இன்னும் ஒரு எச்சரிக்கை பாக்கி. 94.21-க்கு வாங்கியவருக்கு 7.4 சதவீதம் கிடைக்கும் என்றேன். அதை அவர் 2032 வரை பூட்டிவிட்ட கூட்டுவட்டி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு லட்சம் முகமதிப்பை 94,210-க்கு வாங்கி, வரும் ஒவ்வொரு 3,270-ஐயும் 7.4 சதவீதத்திலேயே திரும்பப் போட முடிந்தால் கடைசியில் கையில் 1,87,900 இருக்கும். நடுவில் வட்டி விழுந்து, அந்தத் தவணைகளை 5 சதவீதத்தில்தான் போட முடிந்தது என்றால் 1,78,300. ஒன்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். வேடிக்கையைப் பாருங்கள்: வட்டி விழுந்தால் பத்திர விலை ஏறும், ஆனால் கைக்கு வரும் வட்டிப் பணத்தைப் போட நல்ல இடம் இருக்காது. ஏறினால் நேர்மாறு. விலை இறங்கியது என்று வருத்தப்பட்ட சித்தப்பாவின் 3,270 ரூபாய்க்கு அன்றைக்கு ஜனவரியைவிட நல்ல வட்டி காத்திருந்தது. அதைச் சொன்னபோது, "மூவாயிரத்தை வெச்சு என்ன பண்றது, கேஸ் சிலிண்டருக்கும் மருந்துக்கும் சரியாப் போச்சு," என்றார். அவர் சொன்னதும் நியாயம். வட்டியைச் செலவு செய்கிறவருக்கு இந்தக் கூட்டுவட்டிக் கணக்கு பாதிக்கு மேல் தேவையே இல்லை.

அப்புறம் மூன்று வருடம் இதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. ஜனவரிக்கும் ஜூலைக்கும் பணம் வந்தது. 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைக்க ஆரம்பித்தது, பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6. ஈல்டு 6.54-க்குக் கீழே போனதும் அவருடைய பத்திரம் நூறைத் தாண்டியது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. இந்த முறை குரலில் சந்தேகமே இல்லை.

"லட்சத்துக்கு மேல காட்டுதுடா. லாபத்துல வித்துடட்டுமா?"

"வித்துட்டு எதுல போடுவீங்க சித்தப்பா?"

"இப்ப புதுசா ஒண்ணு விட்டிருக்கானே, பத்து வருஷத்துக்கு…" கண்ணாடியை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "6.33."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் சித்தி யாரிடமோ வாழையிலை விலை பேசிக்கொண்டிருந்தார்.

"அது இதைவிடக் கம்மியால்ல இருக்கு," என்றார். "சரி, அதே கணக்குத்தான். வெச்சிடறேன்."

போனைச் சொன்னாரா, பத்திரத்தைச் சொன்னாரா என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.